மெஸ்காரரின் வெனிலா நாட்கள்

ஆபரேஷன் முடிந்த மறுநாள் காலையில் நான் கட்டிலருகே போய் நின்றதும் அவர் கண்ணைத் திறந்தார். மூக்கில் ஒரு குழாய், நெஞ்சில் ஒரு குழாய், வயிற்றில் ஒரு குழாய், கையில் ஊசி. இத்தனைக்கும் நடுவிலிருந்து, தேய்ந்த குரலில் அவர் கேட்ட முதல் கேள்வி இதுதான்:

"இன்னைக்கு என்ன மெனு, மேடம்?"

நான் போர்ட் பிளேரில் ஒரு மருத்துவமனையில் டயட்டீஷியன். கணவருக்குத் துறைமுகத்தில் வேலை, ஹேடோவில் குவார்ட்டர்ஸ். வார்டில் என்னைப் பார்த்ததும் நோயாளிகள் பொதுவாக முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வார்கள். உப்பைக் குறைக்கச் சொல்பவள், சர்க்கரையை நிறுத்துபவள் என்று எனக்கு ஒரு பெயர் உண்டு. என்னைப் பார்த்து ஆவலாக மெனு கேட்ட ஒரே ஆள் அவர்தான். அவருக்கு அப்போது கொடுக்க என்னிடம் இருந்தது ஒரே ஒரு பதார்த்தம்.

அந்தமானின் வடக்கே, மாயாபந்தர் ஜெட்டி அருகே அவருக்கு ஒரு மெஸ். கப்பலில் இறங்குகிறவர்கள், ஆபீஸ்காரர்கள், லாரிக்காரர்கள் எல்லோரும் அங்கேதான் சாப்பிடுவார்கள். தமிழர், வங்காளி, தெலுங்குக்காரர் என்று யார் வந்தாலும் அவரவருக்குப் பிடித்த மாதிரி குழம்பை மாற்றத் தெரிந்தவர். அப்படிப்பட்டவருக்கு உணவுக்குழாயில் கட்டி. சோறு இறங்கவில்லை, பிறகு கஞ்சி இறங்கவில்லை, கடைசியில் டீயே நின்று நின்று இறங்கியது. அரிசி மூட்டையை ஒற்றை ஆளாய்த் தூக்கியவருக்கு, ஆபரேஷனுக்கு வந்தபோது சட்டை கொடியில் காய்வதுபோல உடம்பில் தொங்கியது.

சர்ஜன் அந்தப் பகுதியை வெட்டி எடுத்துவிட்டு, இரைப்பையை மேலே இழுத்து, மீதிக் குழாயோடு ஒட்டித் தைத்திருந்தார். அந்தத் தையல் ஆறும்வரை வாய் வழியாக ஒன்றும் போகக் கூடாது. அதற்காகத்தான் வயிற்றின் இடது பக்கம் தோலைத் துளைத்து, நேராகச் சிறுகுடலுக்குள் மெல்லிய குழாய் ஒன்றை வைத்துத் தோலோடு தைத்திருந்தார். சாப்பாடு இனி அது வழியாகத்தான்.

"மெனு பால் மாதிரி ஒண்ணு. வெனிலா" என்றேன்.

"எனக்கு வெனிலா ஆகாது."

"வாய்க்கு வராது. நேரா குடலுக்குத்தான் போகும்."

"குடலுக்கும் ஆகாதுன்னா?"

இதற்கு எந்தப் பாடப் புத்தகத்திலும் பதில் இல்லை. பையிலிருந்து பாலைக் குழாய்க்குள் தள்ளும் பம்பை ஓட விட்டேன். மணிக்கு இருபது மில்லி, அதாவது நாலு டீஸ்பூன். அவர் தலையைத் திருப்பி, பையிலிருந்து சொட்டுவதைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"மேடம், தப்பா நினைக்காதீங்க. இதைவிட அதிகமா காக்காய்க்கு வைப்போம் எங்க மெஸ்ல."

காரணம் சொன்னேன். குடல் ஆபரேஷனுக்குப் பிறகு தூங்கி எழுந்த மாதிரி இருக்கும், மெதுவாகத்தான் வேலை கொடுக்க வேண்டும். அதோடு, மாதக் கணக்கில் பட்டினி கிடந்த உடம்பில் ஒரேயடியாகச் சத்தைக் கொட்டினால் ரத்தத்தில் பொட்டாசியம், பாஸ்பரஸ் எல்லாம் சரிந்துவிடும், இதயத்துக்கே ஆபத்து. அதனால் தினமும் ரத்தம் பார்த்து, வைட்டமின் ஊசி போட்டு, வயிறு உப்புகிறதா, வலிக்கிறதா, வாந்தி வருகிறதா என்று பார்த்துத்தான் படிப்படியாகக் கூட்ட முடியும்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "டீக் ஹை. அடுப்பைச் சிம்ல வைக்கணும்ங்கிறீங்க" என்றார். என் இரண்டு நிமிட விளக்கத்தை இவ்வளவு சுருக்கமாக யாரும் சொன்னதில்லை. அன்றிலிருந்து நானும் நோயாளிகளிடம் அப்படியே சொல்கிறேன்.

அவர் மனைவி கட்டில் ஓரத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பார். மெஸ்ஸில் கல்லாவில் இருப்பவர். சமையலறைக்குள் கால் வைக்க அவருக்கு அனுமதி இல்லை. கல்யாணமான புதிதில் அவர் வைத்த முதல் சாம்பாரைச் சாப்பிட்டுவிட்டு, "நீ கணக்கைப் பாரும்மா, கரண்டியை நான் பாத்துக்கறேன்" என்று இவர் சொன்னாராம். அதை அந்த அம்மாள் ஏதோ ஊரில் மழை பெய்தது என்பதுபோல, கோபமே இல்லாமல் என்னிடம் சொன்னார்.

சிம்மில் வைத்த அடுப்பு சில நாள் ஒழுங்காக எரிந்தது. வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினோம். வயிறு உப்பவில்லை, காற்றும் பிரிந்தது. அதை அவர் ரவுண்ட்ஸில் சர்ஜன், மாணவர்கள், பக்கத்துக் கட்டில்காரர் என்று அனைவருக்கும் மகிழ்ச்சியோடு அறிவித்தார். எல்லாம் நன்றாகப் போகிறது என்று நான் நினைத்திருந்த ஒரு மத்தியானம் வார்டு சிஸ்டரிடமிருந்து போன். கேரளத்துக்காரர், தீவிலேயே வளர்ந்தவர். கோபம் வந்தால் அவருக்கு மலையாளம், ஹிந்தி, தமிழ் மூன்றும் ஒன்றாக வரும்.

"மேடம் ஜல்தி வாங்க. உங்க மெஸ்காரர் ஒரு பணி செஞ்சு வச்சிருக்கார்."

போய்ப் பார்த்தால், அவர் வியர்த்து விறுவிறுத்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தார். படபடப்பு, முறுக்கு வலி. பெட்பேன் இரண்டு முறை வந்து போயிருந்தது. பம்பில் எண்ணைப் பார்த்தேன். காலையில் நான் வைத்ததைப்போல் இரண்டு மடங்குக்கு மேல்.

"யாரு தொட்டது?" என்று கேட்டேன்.

"தானா ஏறிடுச்சு" என்றார் கண்ணை மூடியபடி.

"பம்ப் தானா ஏறுமா?"

"கரண்ட் வோல்டேஜ் ஏறும்போது…"

மனைவி வாயைத் திறந்தார். "ஏங்க, பொய் சொல்லாதீங்க. மேடம், 'மேல பாத்த அம்பு இருக்கு பாரு, அதை அமுக்கினா சீக்கிரம் பந்தி முடிஞ்சிடும்'னு சொல்லிட்டு அவரேதான் அமுக்கினார்."

சர்ஜன் வந்து வயிற்றை அமுக்கிப் பார்த்தார், கசிவு வடியும் குழாய்களைப் பார்த்தார். பயப்பட ஒன்றுமில்லை என்று உறுதி செய்துகொண்டு, சில மணி நேரம் நிறுத்தி வைத்து, பழைய வேகத்துக்கும் கீழே இறங்கித் தொடங்கச் சொன்னார். நான் அவருக்கு மறுபடி பாடம் எடுத்தேன். இரைப்பை என்பது ஒரு அண்டா. எவ்வளவு கொட்டினாலும் வைத்திருந்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே தள்ளும். குடலுக்கு அப்படி வைத்துக்கொள்ள இடமில்லை. ஒரேயடியாகக் கொட்டினால் இப்படித்தான் வெளியே தள்ளும்.

"அண்டாவைத் தூக்கிட்டு கரண்டியிலயே பரிமாறுற மாதிரி" என்றார் சோர்வாக.

"அதேதான்."

"அப்ப முன்னாடியே அப்படிச் சொல்லியிருக்கலாமே."

சிஸ்டர் பம்பின் பட்டன்களைப் பூட்டினார். பம்பையும் கைக்கு எட்டாத தூரத்துக்குத் தள்ளினார். போகிற போக்கில், "அடுத்த முறை உங்க கையையும் நான் பூட்டும்" என்றார்.

மறுபடியும் ஏறி, அவருக்குத் தேவையான அளவைத் தொட்டோம். வீட்டுக்கு அனுப்புவதைப் பற்றிப் பேச வேண்டிய நேரம் வந்தது. உண்மையான கஷ்டம் இங்கேதான் ஆரம்பித்தது.

வாயால் சாப்பிடத் தொடங்கினாலும், முதலில் சில வாரங்களுக்குப் பாதிச் சத்துக்குமேல் குழாய் வழியாகத்தான் போக வேண்டும். பம்ப் கொடுத்து அனுப்ப எங்களிடம் வசதி இல்லை. கொடுத்தாலும் மாயாபந்தரில் மழைக்காலத்துக் கரண்டை நம்பி ஓட்ட முடியாது. எனவே பையை உயரத்தில் மாட்டி, அதன் குழாயில் இருக்கும் குட்டி உருளையைத் திருகி, சொட்டை எண்ணி விடும் முறை. ஆள் விழித்திருந்து பார்க்க வேண்டும் என்பதால் இரவில் வேண்டாம், பகலில் மூன்று ஓட்டமாகப் பிரித்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்தோம். அந்தப் பாலைக் கலக்கும் மாவு டின் மெயின்லேண்டிலிருந்து கப்பலில்தான் வரும். கடல் கொந்தளித்தால் கடையில் இருக்காது. அதனால் முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்ளச் சொன்னேன்.

"வீட்டுல யாரு கலக்கிக் குடுக்கப் போறீங்க?" என்று கேட்டேன்.

"நான்தான்" என்றார் மனைவி.

கட்டிலில் ஒரு சலசலப்பு. "மேடம், வேணாம். அவ வெந்நீர் போட்டாலே அடிபிடிக்கும்."

"நான் கத்துக் குடுக்கறேன்."

"நானும் ஒரு காலத்துல கத்துக் குடுத்துப் பாத்தேன் மேடம்."

வார்டின் சின்ன பேன்ட்ரியில் பயிற்சி. அந்த அம்மாள் புடவைத் தலைப்பைச் செருகிக்கொண்டு, பரீட்சை ஹாலுக்குப் போவதுபோல வந்தார். சோப்புப் போட்டுக் கை கழுவுவது, கொதித்து ஆறிய தண்ணீரை அளப்பது, டின்னோடு வந்த கரண்டியில் தலை தட்டி மாவு எடுப்பது, கட்டி இல்லாமல் கலப்பது. கலந்ததைப் பையில் நான்கு மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது, மீந்தால் கொட்டிவிட வேண்டும். ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் பெரிய சிரிஞ்சில் தண்ணீர் விட்டுக் குழாயைக் கழுவ வேண்டும். மாத்திரையைப் பொடித்துப் போடக் கூடாது, திரவ மருந்து மட்டும். ஓட்டத்தின்போதும் முடிந்து கொஞ்ச நேரமும் முதுகை நிமிர்த்திச் சாய்ந்திருக்க வேண்டும். குழாய் நகர்ந்திருக்கிறதா என்று, தோலருகே அதில் நான் மையால் போட்ட கோட்டைத் தினமும் பார்க்க வேண்டும். குழாய் முழுதாக வெளியே வந்தால் நீங்களாகத் திரும்பச் செருகக் கூடாது. துளை சில மணி நேரத்தில் மூட ஆரம்பித்துவிடும். துணியை வைத்து மூடி, பக்கத்து ஆஸ்பத்திரிக்கு உடனே ஓட வேண்டும், எனக்கும் போன் செய்ய வேண்டும்.

அவர் கலக்கிய முதல் ஜாடியைக் கட்டிலருகே கொண்டுவந்தோம். இவர் எட்டிப் பார்த்தார்.

"ஓரத்துல கட்டி இருக்கு."

"இல்லையே."

"இருக்கு. கொஞ்சம் வாயில விட்டுப் பாத்தா தெரிஞ்சிடும்."

"வாயைத் திறக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு" என்றார் மனைவி. "சாப்பிடறதுக்கு மட்டுமில்ல, பேசறதுக்கும்தான்னு நினைச்சுக்குங்க."

சிஸ்டர் சிரிப்பை அடக்க முடியாமல் பக்கத்துக் கட்டில் டிரிப்பைச் சரிசெய்யப் போய்விட்டார்.

பயிற்சி நன்றாகத்தான் போனது. உருளையைத் திருகிச் சொட்டு எண்ணுவதில் அந்த அம்மாள் என்னைவிடக் கெட்டி. கல்லாவில் உட்கார்ந்த கை. ஆனால் ஒரு காலை நான் போனபோது அவர் பையைப் பார்த்தபடி சிலைபோல நின்றுகொண்டிருந்தார்.

"மேடம், சொட்டு நின்னுடுச்சு."

உருளை திறந்திருந்தது. குழாயில் மடிப்பில்லை. சிரிஞ்சில் தண்ணீர் எடுத்துத் தள்ளினேன், போகவில்லை. அடைப்பு.

"தண்ணி விட்டுக் கழுவினீங்களா?"

"கழுவினேன் மேடம்" என்றார். பார்வை மட்டும் என்னிடம் வரவில்லை. கட்டிலிலிருந்தவர் ஜன்னல் வழியாகக் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே பார்க்க ஒன்றும் இல்லை.

வெதுவெதுப்பான தண்ணீரைப் பெரிய சிரிஞ்சில் எடுத்து, பலம் கொடுக்காமல் கொஞ்சம் தள்ளுவது, கொஞ்சம் இழுப்பது, காத்திருப்பது, மறுபடியும். சின்ன சிரிஞ்சில் வேகமாக அழுத்தினால் குழாயே கிழியும். கம்பி கிம்பி விட்டுக் குத்தவும் கூடாது. சிஸ்டரும் நானும் மாற்றி மாற்றி உட்கார்ந்தோம். சர்ஜன் எட்டிப் பார்த்துவிட்டு, "திறக்கலைன்னா டியூப்பை மாத்தணும். அதுக்கு மறுபடி தியேட்டருக்குப் போக வேண்டி வரலாம்" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த வார்த்தை விழுந்ததும் மனைவியின் முகம் வெளிறியது.

மதியச் சாப்பாட்டு வண்டி வரும் நேரத்தில் சிரிஞ்சுக்குள் ஏதோ வந்தது. திரிந்த பால் போன்ற வெள்ளைத் துணுக்குகள். அவற்றோடு, கறுப்பாக ஊசிமுனையளவு ஒரு சங்கதி.

சிஸ்டர் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "யே க்யா ஹை?"

நான் மோந்து பார்த்தேன். சந்தேகமே இல்லை. மிளகு. பின்னாலேயே புளியும் பெருங்காயமும்.

"ரசம்" என்றேன்.

சிஸ்டர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மனைவி உடைந்தார். முந்தின நாள் இவர் படுத்துக்கொண்டே பக்குவம் சொல்லச் சொல்ல, அவர் அதை மனதில் ஏற்றிக்கொண்டு, தங்கியிருந்த தங்கை வீட்டில் போய் ரசம் வைத்திருக்கிறார். வெள்ளைத் துணியில் மூன்று முறை வடிகட்டி, பிளாஸ்கில் கொண்டுவந்து, பால் ஓடிக்கொண்டிருக்கும்போதே நடுவில் சிரிஞ்சால் விட்டிருக்கிறார்கள். புளி பட்டதும் பால் குழாய்க்குள்ளேயே திரிந்துவிட்டது.

"வெறும் வெனிலாவா போகுது, உள்ள கொஞ்சம் நம்ம ஊர் ருசி போகட்டும்னாரு மேடம்" என்று அழுதார்.

"கொஞ்சம் ரசம். தெளிவு ரசம்தானே" என்றார் இவர், ஜன்னலைப் பார்த்தபடியே.

அந்த அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து நின்றார். நான் அவரை அப்படிப் பார்த்ததில்லை. அவர் கணவரும் பார்த்திருக்க மாட்டார் என்று நினைக்கிறேன்.

"முப்பது வருஷமா நீங்க சொன்னதைக் கேட்டேன். உங்க அடுப்பு, உங்க கரண்டி, நான் ஒண்ணும் சொல்லல. இது உங்க அடுப்பு இல்ல. இந்தக் குழாய்க்குள்ள என்ன போகணும், எப்ப போகணும், எவ்வளவு போகணும்னு இனிமே நான்தான் சொல்லுவேன். புரிஞ்சுதா? மறுபடி உங்களை வெட்டறதை நான் வெளிய உக்காந்து பாத்துக்கிட்டிருக்க முடியாது."

அவர் மெதுவாகத் தலையாட்டினார். பக்கத்துக் கட்டில்காரரும் சேர்ந்து தலையாட்டினார், அவருக்கும் ஏதோ புரிந்ததுபோல.

குழாய் வழி விட்டது. தண்ணீர் சுலபமாகப் போனதும் எல்லோரும் மூச்சுவிட்டோம். நான் கிளம்பும்போது அந்த அம்மாள் அவர் பக்கம் குனிந்து கேட்டது காதில் விழுந்தது.

"அது போகட்டும், ரசம் எப்படி இருந்துச்சு?"

"எனக்கு எப்படித் தெரியும்?" என்றார் பரிதாபமாக.

அன்று மாலை நான் மறுபடி போனபோது மனைவி கீழே மருந்துக் கடைக்குப் போயிருந்தார். அவர் என்னைக் கூப்பிட்டார்.

"மேடம், பசின்னு சொல்லத் தெரியல. பசியே இல்ல. ஆனா எல்லாரும் சாப்பிடற நேரம் வந்தா கை தானா எழுந்திருக்குது. எத்தனையோ பேருக்குப் போட்ட கை. இப்ப எனக்கு ஒருத்தர் சொட்டு சொட்டா ஊத்த வேண்டியிருக்கு. சிரிச்சுப் பேசலேன்னா அழுதுடுவேன்."

நான் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். சாத்தம் தீவுப் பக்கமிருந்து ஃபெர்ரியின் ஹாரன் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து, மெஸ்ஸில் மீன் குழம்புக்கு எந்த மீன் நல்லது என்று பேச ஆரம்பித்தார். கேட்டுக்கொண்டிருந்தேன்.

எக்ஸ்ரேவில் மருந்தை விழுங்க வைத்துப் பார்த்து, தையலில் கசிவில்லை என்று தெரிந்த பிறகு, சர்ஜன் ஒரு மிடறு தண்ணீருக்கு அனுமதி கொடுத்தார். வார்டில் பாதிப் பேர் வேடிக்கை பார்க்கக் கூடினார்கள். அவர் வாயில் வைத்துக்கொண்டார், கண்ணை மூடினார், விழுங்கினார். எல்லோரும் காத்திருந்தோம்.

"குளோரின் ஜாஸ்தி" என்றார்.

தண்ணீர், பிறகு தெளிந்த நீராகாரங்கள், பிறகு குழைந்த சோறு, கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி. அந்த அம்மாள் துணையில்லாமல் தானே முழு ஓட்டத்தையும் நடத்திக் காட்டினார். நான் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். கலக்கியதில் ஒரு கட்டி இல்லை. இவர் ஜாடியை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்த்துப் பார்த்து, குறை கிடைக்காமல் திருப்பிக் கொடுத்தார். டிரங்க் ரோடு பஸ்ஸில் ஊருக்குப் போனார்கள்.

ஒரு வாரம் இருக்கும், காலையில் போன். அந்த அம்மாள்தான்.

"மேடம், டியூப் வெளிய வந்துடுச்சு! வயித்துலேருந்து தண்ணியா ஊத்துது!"

டீயை மேஜையில் வைத்தேன். "பயப்படாதீங்க. திரும்பச் செருக வேணாம். துணி வச்சு அமுக்கிக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு…"

பின்னாலிருந்து அவர் சத்தம் போடுவது கேட்டது. "முதல்ல கோட்டைப் பாரு! மேடம் கோடு போட்டாங்களே!"

துணி சலசலத்தது. பிறகு, "மேடம், கோடு அங்கேயேதான் இருக்கு. தையலும் இருக்கு."

"அப்ப கையில என்ன வச்சிருக்கீங்க?"

"ஒரு… மூடி மாதிரி. நுனியில இருக்குமே."

ஓட்டம் முடிந்து கழுவிய பிறகு நுனி மூடியைச் சரியாகப் போடவில்லை. அது கழன்று விழுந்து, உள்ளிருந்த திரவம் சட்டையில் வழிந்திருக்கிறது, அவ்வளவுதான். குழாயை மடித்துப் பிடித்துக்கொண்டு, நான் கொடுத்தனுப்பிய புது மூடியைப் போட்டு, தண்ணீர் விட்டுப் பார்க்கச் சொன்னேன். போனது. பின்னால் அவர் யாரிடமோ, "ஒண்ணுமில்ல, பாட்டில் மூடி லூஸ்" என்று அறிவித்துக்கொண்டிருந்தார். மெஸ்ஸே கூடியிருந்தது போலும்.

மழை விட்டபிறகு செக்கப்புக்கு வந்தார்கள். கன்னத்தில் கொஞ்சம் சதை போட்டிருந்தது. வாயால் சாப்பிடுவது கூடக் கூட, போனிலேயே சொல்லி, குழாய் ஓட்டத்தை மூன்றிலிருந்து இரண்டாக்கி, ஒன்றாக்கி, பிறகு நிறுத்தியே வைத்துப் பார்த்திருந்தோம். எடை குறையவில்லை. சர்ஜன் தையலை வெட்டி, "மூச்சை இழுத்து விடுங்க" என்றார். விடுவதற்குள் குழாய் அவர் கையில் இருந்தது.

"இவ்வளவுதானா?" என்று கேட்டார் அவர். "இதைக் குடுங்க, வீட்டுக்கு எடுத்துட்டுப் போறேன்."

"நஹி நஹி" என்று சிஸ்டர் அதைப் பிடுங்கிச் சிவப்புப் பைக்குள் போட்டார். "மாலை போட்டு மாட்டும் இந்த ஆள்."

துளையின் மேல் கட்டுப் போட்டுக்கொண்டு வெளியே வந்து வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தார்கள். அந்த அம்மாள் பையிலிருந்து டப்பாவை எடுத்துத் திறந்தார். இரண்டு இட்லி. நான் கையெழுத்துப் போடப் போகிற வழியில் நின்று பார்த்தேன். அவர் ஒன்றை நிதானமாக, மென்று மென்று சாப்பிட்டார். இரண்டாவதில் பாதியோடு நிறுத்தி, நெஞ்சைத் தடவிக்கொண்டு, டப்பாவை மனைவி பக்கம் தள்ளினார்.

"போதும். கொஞ்ச நேரம் கழிச்சு பாக்கலாம்."

"யாரு அரைச்ச மாவுன்னு கேக்கலியே" என்றார் அந்த அம்மாள்.

அவர் தண்ணீர் பாட்டிலை எடுத்து மனைவியிடம் நீட்டினார். அந்த அம்மாள் மீதி இட்லியைச் சாப்பிட்டுவிட்டு டப்பாவை மூடினார். இருவரும் பஸ் ஸ்டாண்டுக்கு ஆட்டோ கிடைக்குமா என்று கேட்டுக்கொண்டே நடந்து போனார்கள்.